ஒழுகும் கூரையும் ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவும்

மழைக்காலம் வந்தால் வாடகை வீட்டில் கூரை ஒழுகுகிறது என்று நம்மிடம் வரும் குடும்பங்கள் அதிகம். "மூணு தடவை சொல்லியாச்சு, ஆள் அனுப்புறேன்னு சொல்றாரு, யாரும் வர்றதில்லை" என்பார்கள். எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டால் தயங்குவார்கள். வீட்டுக்காரர் அதே மஹல்லாக்காரர், கடிதம் கொடுத்தால் மனஸ்தாபம் வருமோ என்ற பயம். ஆனால் வீட்டைக் காலி செய்யும்போது, சுவர் பாழானதற்கு யார் பொறுப்பு என்று அட்வான்ஸில் கை வைப்பார்கள். அப்போது வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.

எழுதும் முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழை பெய்த பிறகு மட்டும் ஈரம் தெரிந்தால் மொட்டை மாடித் தளத்தில் விரிசல் இருக்கலாம், அல்லது மழைநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். மழை இல்லாத நாளிலும் ஈரம் காயவில்லையா? மேல்வீட்டுக் குளியலறைக் குழாயைச் சந்தேகப்படுங்கள். இது முக்கியம், ஏனென்றால் "நீங்கள்தான் தண்ணீரை அதிகம் புழங்குகிறீர்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் முதலில் வரும்.

அடுத்து ஒப்பந்தத்தை எடுத்துப் பழுது பற்றிய பிரிவைத் தேடுங்கள். அப்படி ஒரு பிரிவே இல்லையென்றாலும் கவலை வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை இதைப் பிரித்துச் சொல்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதும் தண்ணீர்க் குழாய் மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு. டேப், வாஷர், சுவிட்ச் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. மாறாக, எல்லாப் பழுதும் குடியிருப்பவர் தலையில் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தால் வாதம் பலவீனமாகலாம்.

மேல்தளம் ஒழுகும் ஒரு வீட்டுக்கு இப்படி எழுதலாம்:

"அஸ்ஸலாமு அலைக்கும். 1.6.2025 அன்று நாம் செய்த ஒப்பந்தப்படி தங்கள் வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கிறேன். அதன் 7-வது பிரிவில், கட்டடத்தின் பெரிய பழுதுகளை உரிமையாளர் செய்து தருவார் என்று உள்ளது. படுக்கையறைக் கூரை ஒழுகுவதை 18.10.2025 அன்று போனிலும், 2.11.2025 அன்று நேரிலும் சொன்னேன். 5.11.2025 அன்று சுண்ணாம்பு மட்டும் அடிக்கப்பட்டது. 24.11.2025 மழையில் அதே இடம் மீண்டும் ஒழுகியது. அன்றே படம் அனுப்பினேன். இப்போது மின்விசிறிக் கொக்கி வழியாகவும் தண்ணீர் சொட்டுகிறது. அந்த மின்விசிறியை நிறுத்தி வைத்திருக்கிறோம். மூன்று நாளுக்குள் மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்து, மாடியில் தார்ப்பாய் போட ஏற்பாடு செய்யுங்கள். மழை ஓய்ந்து தளம் காய்ந்ததும் விரிசலை அடைத்து நீர்க்காப்புப் பூச்சு செய்து தாருங்கள். அந்த வேலை தொடங்கும் தேதியை 18.12.2025-க்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்கிறேன். ஆட்கள் காலை பத்து மணிக்கு மேல் எந்த நாளும் வரலாம். நவம்பர் வாடகை செலுத்திவிட்டேன்."

ஏன் இரண்டு கட்டமாகக் கேட்கிறோம்? ஈரத் தளத்தில் போடும் பூச்சு பிடிக்காது. உடனே முழு வேலையும் வேண்டும் என்று கேட்டால், "மழையில எப்படி வேலை பார்க்கிறது" என்று அவர் நியாயமாகவே கேட்பார். தார்ப்பாய் விரிப்பதைத் தள்ளிப்போட அப்படிக் காரணம் சொல்ல முடியாது. சுண்ணாம்பு அடித்த தேதியை விடாமல் எழுதுவதும் அதனால்தான்: தண்ணீர் வரும் வழி அடைபடவில்லை, கறை மட்டும் மறைந்தது.

கடிதத்தில் கோபமும் பழைய சண்டைகளும் வேண்டாம். கையெழுத்திட்ட கடிதத்துக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே கடிதத்தைப் படங்களுடன் வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம்.

பதில் வராவிட்டால் பலர் செய்வது வாடகையை நிறுத்துவது. அதைச் செய்யாதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸுக்குப் பிறகும் கட்டாமல் விட்டால், அதையே காரணமாக்கி வெளியேற்றக் கேட்க அதே சட்டம் இடம் தருகிறது. கூரை ஒழுகிய வழக்கு, வாடகை பாக்கி வழக்காக மாறிவிடும். உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை, நோட்டீஸ் கொடுத்து நியாயமான காலம் காத்திருந்தும் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து செலவை வாடகையில் கழிக்க 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவில் வழி உண்டு. ஆனால் இரண்டு கொத்தனார்களிடம் மதிப்பீடு வாங்கி, தொகையை அவருக்கு எழுதித் தெரிவித்து, ஒரு வக்கீலிடமும் கேட்டுவிட்டுத்தான் அதில் இறங்க வேண்டும். ஒத்திக்கு இருப்பவர்களுக்குக் கழிக்க மாத வாடகையே இல்லை. அவர்கள் கடிதத்தோடு ஒத்திப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு முதலிலேயே வக்கீலைப் பார்ப்பது நல்லது.