ஒலியில்லாத பதினைந்து நொடி

பேருந்தில் கைபேசியின் ஒலியை அணைத்துவிட்டு விளம்பரம் பார்ப்பவருக்குத் திரையில் வரும் எழுத்துதான் குரல். அதனால் எழுத்தைப் பேச்சின் நீளத்துக்கு அல்ல, கண்ணின் வேகத்துக்கு நிறுத்த வேண்டும்.

15 நொடி சமையல் எண்ணெய் விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "இரண்டு லிட்டர் வாங்கினால் அரை லிட்டர் இலவசம், இந்த வாரம் மட்டும்" என்பதை அறிவிப்பாளர் மூன்று நொடியில் சொல்லிவிடுவார். வாசிக்க நொடிக்கு இரண்டு சொல் என்று வைத்தால், இந்த ஒன்பது சொல்லுக்கு நாலரை நொடி வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இதற்கு மேல் அவசரப்படுத்தக் கூடாது.

எனவே "2 லிட்டருக்கு அரை லிட்டர் இலவசம்" என்று சுருக்கி, அந்த மூன்று நொடியும் நிறுத்துகிறோம். "இந்த வாரம் மட்டும்" அடுத்து வரும் பாட்டில் காட்சியில் தனியாக இரண்டு நொடி நிற்கும். நிபந்தனையை வெட்டி எறிவது வாங்குபவரை ஏமாற்றுவது. இடம் மாற்றலாம், நீக்கக் கூடாது.

காட்சி மாறும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். வரி பழைய காட்சியிலிருந்து புதியதற்குள் நீண்டால், சிலர் அதைப் புது வரி என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து வாசிக்கக்கூடும். மாற்றத்துக்கு இரண்டு பிரேம் முன்பே, அதாவது நொடிக்கு 25 பிரேம் ஓடும் படத்தில் 0.08 நொடி முன்பே, வரியை எடுத்துவிட வேண்டும். விலையும் வசனமும் ஒரே நேரத்தில் தோன்றினாலும் சிக்கல்தான்: ஒன்றை வாசிப்பதற்குள் மற்றது போய்விடும்.

விளம்பரத்தை முன்பு பார்க்காத ஒருவரிடம் ஒலியின்றி ஒருமுறை காட்டி, சலுகை என்ன, எதுவரை என்று கேளுங்கள். எந்தப் பதில் வரவில்லையோ, அந்த வரிக்கு நேரம் போதவில்லை.