தாத்தா பெட்டியில் கோல்டன் ஹோப் பங்குப் பத்திரம்: இன்னும் மதிப்பு இருக்கா?

கிள்ளானில் தாத்தாவின் பழைய பெட்டியைத் திறக்கிறீங்க. உள்ளே ‘கோல்டன் ஹோப் பிளாண்டேஷன்ஸ்’ பங்குப் பத்திரம். ஆனா பங்குச் சந்தைப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அப்போ வெறும் காகிதம்தானா?

அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீங்க. அந்த நிறுவனம் திவாலாகவில்லை. 2007-இல் கத்ரி, சைம் டார்பி நிறுவனங்களுடன் இணைந்தது. புதிய சைம் டார்பி அந்த ஆண்டு நவம்பரில் பட்டியலிடப்பட்டது. 2017-இல் அதுவும் மூன்றாகப் பிரிந்தது. அதில் தோட்ட நிறுவனத்தின் இன்றைய பெயர் எஸ்டி கத்ரி.

காகிதம் கையில் இருப்பதே ஒரு துப்பு

1990-களில் பங்குகள் மின்னணு சிடிஎஸ் கணக்குக்கு மாறின. அப்போது காகிதப் பத்திரத்தை ஒப்படைக்க வேண்டும். 1998 டிசம்பர் கெடுவுக்குள் ஒப்படைக்காத பங்குகள் நிதி அமைச்சர் பெயருக்கு மாற்றப்பட்டன. அசல் இன்னும் உங்களிடம் இருந்தால், தாத்தாவின் பங்கும் அப்படிப் போயிருக்கலாம். உரிமையாளர் அதைக் கோர முடியும்.

எங்கே கேட்பது?

பத்திரத்தில் உள்ள பெயர், பத்திர எண், பங்கு எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்க. இணைப்புக்குப் பின் வந்த நிறுவனத்தின் பங்குப் பதிவாளரிடம் எழுதிக் கேளுங்க. பதிவாளர் யார் என்பது அதன் ஆண்டறிக்கையில் இருக்கும்.

வாங்கப்படாத லாப ஈவுத்தொகையை eGUMIS தளத்தில் தேடலாம். தாத்தாவின் பழைய அடையாள அட்டை எண்ணையும் மறக்காதீங்க. அந்தக் காலப் பதிவுகளில் அதுதான் இருக்கும்.

அவர் காலமாகியிருந்தால், வாரிசுரிமை ஆவணம் இல்லாமல் பணம் கைக்கு வராது.