தழும்பு விழாத தாழ்ப்பாள்

‘ஆணி வேண்டாம், துளை வேண்டாம், ஒட்டினால் போதும்’ என்று சொல்லித்தான் சைல்டு லாக்குகளை விற்கிறார்கள். குழந்தை தவழ ஆரம்பித்ததும் நாமும் அதை நம்பி அரை டஜன் வாங்கி, சிங்க்குக்குக் கீழே ஒன்று, கத்தி வைக்கும் டிராயரில் ஒன்று என்று ஒட்டிவிடுகிறோம். ஒட்டும்போது ஒன்றும் ஆகாது. இரண்டு வருடம் கழித்து, பிள்ளை வளர்ந்தபின் அதைப் பிடுங்குகிற நாளில்தான் வினை. ஷட்டரின் பெயின்ட்டும் கூடவே வரும், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு. சில வீடுகளில் மேல் தோலே உரிந்து வரும்.

பக்கத்து வீட்டில் அதே லாக்கை எடுத்தபோது அடையாளமே தெரியவில்லையே என்று தோன்றும். லாக்கின் முதுகில் இருப்பது அக்ரிலிக் பசை தடவிய மெல்லிய ஸ்பாஞ்ச் நாடா. அதன் ஒரு பக்கம் லாக்கைப் பிடித்திருக்கிறது. மறுபக்கம் ஷட்டரின் மேற்பூச்சைப் பிடித்திருக்கிறது. அந்த மேற்பூச்சோ உள்ளே இருக்கும் பலகையைப் பிடித்திருக்கிறது. நாம் இழுக்கும்போது இந்த மூன்று பிடிகளில் எது பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும். ப்ளைவுட்டில் நன்றாக அழுத்தி ஒட்டிய மைக்கா அசையாது, நாடாதான் தோற்கும். பழைய மரக்கதவில் அடித்த எனாமல் பெயின்ட்டாக இருந்தால் நாடா ஜெயித்து, பெயின்ட் தோற்கும். எம்.டி.எஃப். பலகையின் மேல் பிளாஸ்டிக் படலம் போர்த்திய ‘மெம்ப்ரேன்’ ஷட்டரில் படலம் அப்படியே எழும்பிவிடும். ஆகவே எந்த லாக் நல்லது என்று தேடுவதற்கு முன்னால், நம் வீட்டு ஷட்டர் எது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு ஷட்டரைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். முகப்பு தனியாகவும் விளிம்புப் பட்டை தனியாகவும் ஒட்டியிருந்து, இடையில் மெல்லிய கோடு தெரிந்தால் அது மைக்கா. கண்ணாடி போல முகம் தெரிகிற பளபளப்பு இருந்தால் அநேகமாக அக்ரிலிக். கோடே இல்லாமல் முகப்பின் நிறம் விளிம்பில் வளைந்து இறங்கி, பின்பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தால் அது மெம்ப்ரேன். முன், பின், விளிம்பு எல்லாமே ஒரே பூச்சாக இருந்தால் ஸ்பிரே பெயின்ட்.

இவற்றில் மைக்காவைத் தவிர மற்ற எதன் முகப்பிலும் நான் நாடா ஒட்ட மாட்டேன். மைக்காவிலும்கூட, வெளியே ஒட்டிய பட்டை லாக்கைச் சுற்றிப் புகையும் வெயிலும் பட்டு நிறம் மாறி, லாக் இருந்த இடம் மட்டும் புதிதாகத் தெரிவது உண்டு. லாக்கைக் கதவுக்கு உள்ளே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. காந்த லாக் இதற்குத்தான் வந்தது. கொக்கி உள்ள பாகம் அலமாரியின் உட்புறத்தில் உட்காருகிறது. அது மாட்டுகிற சின்ன பிளாஸ்டிக் துண்டு கதவின் பின்பக்கத்தில். வெளியே ஒன்றுமே தெரியாது. சாவி என்பது கைக்கு அடக்கமான ஒரு காந்தம். கொக்கி இருக்கும் இடத்துக்கு நேராக வெளியே அதை வைத்தால், பலகையைத் தாண்டி உள்ளே இருக்கும் காந்தத்தை இழுத்துக் கொக்கியை விடுவிக்கும். நம் ஊர் ஷட்டர்கள் பெரும்பாலும் 18 மி.மீ. தடிமன், காந்தத்துக்கு அது பெரிய தூரமில்லை. இரும்புத் தகடு ஷட்டராக இருந்தால் மட்டும் இது கைகொடுக்காது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த லாக்குகளோடு வரும் படங்களில் பல அமெரிக்க அலமாரிக்கு வரைந்தவை. அங்கே பல அலமாரிகளில் முன்புறம் நாலு பக்கமும் மரச்சட்டம் உண்டு. கொக்கிக்கு எங்கு வேண்டுமானாலும் இடம் கிடைக்கும். நம் மாடுலர் கிச்சனில் அந்தச் சட்டம் கிடையாது. மேல்பலகையின் அடியில் ஒட்ட வேண்டியதுதான். சிங்க்குக்குக் கீழே பல வீடுகளில் அந்த மேல்பலகையும் இருக்காது. நேரே கிரானைட் ஸ்லாப்பின் அடிப்பக்கம்தான். மேலே முகம் பார்க்கும் பளபளப்பு இருந்தாலும் அடியில் அறுத்தது அறுத்தபடி சொரசொரப்பாகத்தான் இருக்கும். அதில் எந்த நாடாவும் நிற்காது.

என் தங்கை மகள் அம்பத்தூரில் வாடகைக்கு இருக்கிறாள். செங்கல் சுவர் கட்டி, மேலே ஸ்லாப் போட்டு, முன்னால் மரச்சட்டம் அடித்து ஷட்டர் மாட்டிய சமையலறை. ஷட்டர் மெம்ப்ரேன், சட்டத்தில் எனாமல் பெயின்ட். பையனுக்குப் பத்து மாதம். சிங்க்குக்குக் கீழே பினாயிலும் ஆசிட் பாட்டிலும். “எதை ஒட்டினாலும் போகும்போது ஓனர் அட்வான்ஸ்ல பிடிச்சிடுவார் பெரியம்மா” என்றாள்.

சிங்க் அலமாரிக்கு இரண்டு கதவுகள். கைப்பிடிகள் நடுவில் பக்கத்துப் பக்கத்தில். இரண்டையும் சேர்த்து மாட்டும் ‘யு’ வடிவ பிளாஸ்டிக் லாக் போதுமே என்று முதலில் தோன்றும். அதற்குப் பசையே வேண்டாம். ஆனால் அது பிள்ளையின் கண்ணுக்கு நேரே தொங்குகிறது. அழுத்தி இழுத்தால் திறக்கும் என்பதை நாளடைவில் கண்டுபிடித்துவிடும். இந்த வகையில் ‘புஷ் அண்ட் ஸ்னாப்’ என்ற லாக்கை அமெரிக்காவில் 2012 மார்ச்சில் ஏறக்குறைய 9 லட்சம் எண்ணிக்கையில் திரும்பப் பெற்றார்கள். 9 மாதம் முதல் 5 வயது வரையிலான 140 குழந்தைகளாவது அதைத் திறந்துவிட்டதாகப் புகார் வந்திருந்தது. கத்தி, கரண்டி போன்றவற்றை மேலே ஏற்றி வைக்கும்வரை தற்காலிகமாக ‘யு’ லாக் சரி. ஆசிட் இருக்கும் இடத்துக்கு அதை நம்ப மாட்டேன்.

அதனால் காந்த லாக்தான், கதவுக்கு ஒன்றாக இரண்டு. கதவின் வெள்ளைப் பின்பக்கத்தில் நாடா. அது கெட்டியாக அழுத்திய மேற்பரப்பு, உரியாது. கொக்கி பாகத்துக்கு ஸ்லாப்பை ஒட்டி ஓடும் மரச்சட்டத்தின் உட்புறம். அதில் எனாமல் பெயின்ட் இருப்பதால் அங்கே மட்டும் நாடாவைத் தவிர்த்து, பெட்டியிலேயே வரும் சின்ன ஸ்க்ரூவைப் போடச் சொன்னேன். துளை போடாததுதான் சேதமில்லாதது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். யாரும் பார்க்காத மரத்துண்டில் இரண்டு சின்னத் துளை, உரிந்த பெயின்ட்டைவிட எவ்வளவோ மேல். காலி செய்யும்போது மரப்புட்டி அடைத்தால் முடிந்தது. அதுவும் ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. ஷட்டர் பலகையில் மட்டும் ஸ்க்ரூ போடாதீர்கள்; 18 மி.மீ. பலகையில் கொஞ்சம் நீளமான ஸ்க்ரூ முகப்பு வழியே முளைத்துவிடும்.

நாடா நிற்காமல் போவதற்கு நம் சமையலறையில் பெரிய காரணம் தாளிப்புதான். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஷட்டரின் உட்புறம்வரை படிந்திருக்கும். ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டி எடுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் துடைத்து, காயவிட்டு, பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஒரு முறை துடைக்க வேண்டும். இரண்டு இடங்களில் ஆல்கஹால் கூடாது. அக்ரிலிக் முகப்பில் நுண்ணிய வெடிப்பு விழலாம். பழைய பிரெஞ்சு பாலிஷ் மரத்திலோ பாலிஷே கரைந்துவிடும், அது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியதுதான். அங்கெல்லாம் சோப்பு நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒட்டியதும் அரை நிமிடம் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துவிட்டு, கதவைத் திறந்தபடியே விடுங்கள். அவசரப்பட்டு அன்றே இழுத்துப் பார்த்தால் பாதி ஒட்டிய நாடா மறுபடி ஒட்டாது. இந்த வகை நாடா சாதாரண வெப்பத்தில் ஒரு நாளில் பெரும்பாலும் பிடித்துவிடும். முழு வலுவுக்கு மூன்று நாள் ஆகும். அதுவரை ஆசிட் பாட்டிலுக்கு இடம் பரண்தான். பிறகு வாரம் ஒரு முறை நகத்தால் நாடாவின் ஓரத்தைத் தடவுங்கள். ஓரம் தூக்கியிருந்தால் லாக் கழன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிங்க் பக்கத்தில் ஈரத்தால் இது சீக்கிரமே நடக்கும்.

எடுக்கும் விதத்தைப் பார்ப்போம். லாக்கை நம்மை நோக்கி இழுக்கக் கூடாது, உரிவதெல்லாம் அப்படித்தான். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஆட்டிக்கொண்டே அரை நிமிடம் காட்டினால் பசை இளகும். மெம்ப்ரேன் முகப்பில் இந்தச் சூடும் ஆபத்து, படலமே இளகிவிடும். அங்கே சூடு காட்டாமல் பொறுமையாகத்தான் செய்ய வேண்டும். பிறகு பல் இடுக்கு சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூலையோ தூண்டில் நரம்பையோ லாக்குக்குப் பின்னால் விட்டு, ரம்பம் ஓட்டுவது போல முன்னும் பின்னும் இழுங்கள். ஸ்பாஞ்ச் நடுவில் அறுபட்டு லாக் கையோடு வந்துவிடும். பலகையில் மிஞ்சிய பாதியைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுக்கலாம். கடைசிப் பிசுக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, சோப்பு நீரால் கழுவினால் போதும். பூச்சு இல்லாத மரத்தில் மட்டும் எண்ணெய் கறையாக நிற்கும். நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் பக்கத்திலேயே வரக் கூடாது. பசையைக் கரைக்கும் அதே வேகத்தில் பெயின்ட்டையும் அக்ரிலிக்கையும் கரைக்கும்.

டிராயரில் கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும். பழைய வகைக் கொக்கி லாக்கில் டிராயர் ஓர் அங்குலம் திறந்து நிற்கும். பிள்ளையின் விரல் உள்ளே போக அந்த இடைவெளி போதும். மாட்டும்போதே, பூட்டிய நிலையில் இழுத்து, உங்கள் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் கொக்கியை முன்னால் நகர்த்த வேண்டும்.

தங்கை மகள் மிச்சமிருந்த காந்த லாக்கை கேஸ் சிலிண்டர் வைத்திருக்கும் அலமாரிக்கு மாட்டப் போனாள். அதை மட்டும் தடுத்தேன். ரெகுலேட்டரைப் பிள்ளை திருகும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் வாசனை வரும்போது காந்தச் சாவி எங்கே என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. அந்த ஒரு கதவுக்கு ‘யு’ லாக் போட்டு, பெரியவர்கள் எல்லோரும், ஊரிலிருந்து வரும் பாட்டி உட்பட, ஒரு கையால் திறந்து பழகச் சொன்னேன்.