வேளாண் பட்டத்துக்குப் பின் நான்கு பாதைகள்

நான்காண்டு வேளாண்மை இளநிலைப் பட்டம் முடிப்பவருக்கு வயது பெரும்பாலும் 21 அல்லது 22. அடுத்த வழியைத் தீர்மானிப்பதில் வருமானத்துக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருக்க முடியும் என்பது முக்கியமான கேள்வி.

விரைவில் பலன் தரக்கூடியது வங்கிப் பணி. ஐ.பி.பி.எஸ். நடத்தும் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு இந்தப் பட்டமே போதும். வயது வரம்பு 20 முதல் 30. முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலம், கணிதம், தர்க்க அறிவு ஆகியவை மட்டுமே கேட்கப்படுவதால், பாடத்தில் தேர்ந்தவரும் அங்கேயே தவறிவிடலாம். வேளாண் அறிவு முதன்மைத் தேர்வில்தான் கைகொடுக்கும். பணியோ பயிர்க்கடன் பரிசீலனையும் வசூலும்.

குடிமைப் பணித் தேர்வில் வேளாண்மையை விருப்பப் பாடமாக எடுக்கலாம். முதன்மை எழுத்துத் தேர்வின் 1750 மதிப்பெண்களில் அதற்கு 500. மீதி பொது அறிவும் கட்டுரையும் என்பதால் பட்டம் பாதி உதவியே செய்யும். சில ஆண்டுகள் உழைத்தும் இடம் கிடைக்காமல் போகலாம்.

ஆராய்ச்சிக்கு முதுநிலை இரண்டாண்டும், முனைவர் பட்டம் குறைந்தது மூன்றாண்டும் தேவை. நிலையான வேலை கிடைக்கும்போது முப்பதை நெருங்கியிருப்பார்.

வேளாண் தொழில் தொடங்க நினைப்பவருக்கு, 2002இல் தொடங்கிய வேளாண் மருந்தகத் திட்டம் 45 நாள் இலவசப் பயிற்சியும் கடனுக்கு மானியமும் தருகிறது. ஆனால் உழவர்கள் அறுவடைக்குப் பிறகே பணம் தருவதால், கடையின் முதல் கடனில் முடங்கும் அபாயம் உண்டு.