முந்நூறு எழுதினால் எவ்வளவு குறைக்கலாம்?

ஆன்லைனில் சேலை விற்கும் கடைக்காரர் ஒருவர், சேலைக்குச் சேலை நூறு சொல்லில் விவரம் எழுதித் தருபவரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "முந்நூறு சேலை இருக்கு, ரேட்டைப் பார்த்துப் போடுங்க." கேட்பது நியாயம். ஆனால் எழுதுபவர் அந்த இடத்திலேயே "சரி, முப்பது பர்சென்ட் குறைச்சுக்கறேன்" என்று சொல்லிவிடுவது ஆபத்து. எண்ணிக்கை பெரிதானதால் மட்டும் வேலை மலிவாகிவிடாது. எங்கே நேரம் மிச்சமாகிறதோ, அங்கேதான் தள்ளுபடிக்கு இடம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது சேலைக்கு எழுத வேண்டும், ஒன்றுக்கு 150 ரூபாய். கடையின் பேச்சுநடையைப் பிடிப்பது, கோர்வைக் கரை எது, புட்டா எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, மாதிரி இரண்டு எழுதி ஒப்புதல் வாங்குவது, பில் போடுவது ஆகிய முன்வேலைக்கு மூன்று மணி நேரம் போகிறது. பிறகு சேலைக்கு இருபது நிமிடம். மொத்தம் 580 நிமிடம். கிடைப்பது 3,000 ரூபாய், அதாவது மணிக்கு ஏறக்குறைய 310.

முந்நூறு சேலை வந்தாலும் முன்வேலை அதே மூன்று மணி நேரம்தான். கை பழகிவிடுவதால் ஒரு சேலைக்குத் திருத்தத்தோடு சேர்த்துப் பதினேழு நிமிடம் என்று வைப்போம். மொத்தம் 88 மணி. பழைய சம்பாத்தியம் குறையாமல் இருக்க ஒரு சேலைக்கு 91 ரூபாய் போதும். ஆக 150க்கும் 91க்கும் நடுவில் இருப்பதுதான் மிச்சம். அதை முழுவதும் தூக்கிக் கொடுக்கத் தேவையில்லை. மூன்று வாரம் வேறு வேலை எடுக்க முடியாது, பணம் தாமதமாக வரலாம். அந்தச் சுமைக்குப் பாதியை வைத்துக்கொண்டு சராசரி 120 என்று சொல்வது இரு தரப்புக்கும் நல்லது.

இந்தக் கணக்கு நிற்பது சேலைகள் ஒரே இனமாக இருக்கும்போதுதான். முந்நூறும் காஞ்சிபுரம் பட்டு என்றால் சரி. குக்கர், ஹெட்போன், குழந்தை உடுப்பு என்று வகைக்கு இருபதாகப் பதினைந்து வகை வந்தால், ஒவ்வொரு வகைக்கும் புதிதாகப் படிக்க வேண்டும். அது பெரிய ஆர்டர் இல்லை, பதினைந்து சின்ன ஆர்டர். அங்கே தள்ளுபடி பேசவே கூடாது என்பது என் கருத்து. பட்டியலை எக்செல்லில் வாங்கிப் பார்க்காமல் விலை சொல்லக்கூடாது என்பதும் இதனால்தான்.

அடுத்த சிக்கல், முந்நூறு என்று சொல்லிவிட்டு 120 சேலையோடு ஆர்டர் நின்றுபோவது. எல்லாவற்றுக்கும் 120 ரூபாய் என்று ஒப்புக்கொண்டிருந்தால் 14,400தான் கையில் வரும், ஆனால் தள்ளுபடிக்குக் காரணமான முந்நூறு வரவே இல்லை. இதற்கு வருமான வரிபோல அடுக்கு முறையில் விலை வைக்கலாம்: முதல் நூறுக்கு 150, அடுத்த நூறுக்கு 120, அதற்கடுத்த நூறுக்கு 90. முந்நூறும் முடிந்தால் 36,000, அதே சராசரி 120. நூற்றிருபதில் நின்றாலோ 17,400 கிடைக்கும். குறைந்த விலை அந்தந்த அடுக்கில் வரும் சேலைகளுக்கு மட்டுமே, முன்னால் முடிந்தவற்றுக்குத் திரும்பிப் போகாது என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதிவிட வேண்டும். அறுபது நாளுக்குள் வரும் சேலைகளுக்கே இந்த விலை என்ற கெடுவும் வேண்டும். இல்லையென்றால் எட்டு மாதம் கழித்து வரும் பத்துச் சேலைக்கும் 90 ரூபாய் கேட்பார்கள்.

உதவியாளர் வைத்து எழுதுபவருக்கு நிலைமை வேறு. ஒரு சேலைக்கு அவருக்கு 90 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்றால் 150இல் உங்களுக்கு நிற்பது 60. விலையை 120 ஆக்கினால் வாடிக்கையாளர் காண்பது 20 சதவீதத் தள்ளுபடி, உங்கள் லாபத்தில் போவது சரிபாதி. பழைய லாபம் வர இரண்டு மடங்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன அடுக்கில் கடைசி நூறில் ஒரு காசும் நிற்காது. மிச்சமாகும் நேரம் எழுதுபவரின் நேரம், உங்களுடையது அல்ல. அவரோடு முதலில் மொத்த விலை பேசி முடிக்காமல் வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி வாக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னும் குறைக்கச் சொன்னால், விலையைத் தொடாமல் வேலையைக் குறையுங்கள். நூறு சொல்லை அறுபதாக்கலாம். ஒரே சேலையின் ஆறு நிறங்களுக்கு ஒரே விவரத்தை வைத்து நிறத்துக்குரிய வரியை மட்டும் மாற்றலாம். நீளம், ஜரிகை, ரவிக்கைத் துணி ஆகிய தகவல்களைக் கடைக்காரரே நிரப்பித் தருவதாகப் பேசலாம். எதற்கும் ஒத்துவராமல் மணிக்கு 310க்குக் கீழே இழுத்தால், அந்த ஆர்டரை விட்டுவிடுங்கள்.