இணைகிறது… இணைந்தது! நடுவில் ஓடும் நாலு பாக்கெட்

வைஃபை பாஸ்வேர்டை அடித்து முடித்ததும், ஐபி முகவரி வாங்கிக்கொண்டிருப்பதாகப் போனில் ஒரு வரி மின்னி மறையுமே, கவனித்திருக்கிறீர்களா? அந்த மின்னலுக்குள் ஒரு முழு நாடகமே நடந்து முடிந்துவிடுகிறது. அதன் பெயர் டிஹெச்சிபி. பாத்திரங்கள் இரண்டே பேர், வசனம் நாலே நாலு. நெட்வொர்க்கில் வேலை பார்ப்பவர்கள் டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் என்ற நாலின் முதல் எழுத்துகளையும் சேர்த்து ‘டோரா’ என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். திரையை விலக்கிப் பார்க்க ஒரு லேப்டாப்பும், வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளும் போதும். வாருங்கள், உள்ளே போய்விடுவோம்!

வயர்ஷார்க்கைத் திறந்து, வைஃபை இணைப்பைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள வடிகட்டிப் பெட்டியில் `dhcp` என்று அடியுங்கள். திரை காலியாகக் கிடக்கும். விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்டில் இந்த இரண்டு வரிகளையும் கொடுங்கள்.

```
ipconfig /release
ipconfig /renew
```

பழைய முகவரியைத் திருப்பிக் கொடுத்ததற்கு அடையாளமாக முதலில் ஒரு Release வரி வரும். அதை விடுங்கள். அதற்குப் பின்னால் பாருங்கள், வருகிறது நம் நாலு பேர் அணிவகுப்பு!

```
0.0.0.0      255.255.255.255  DHCP Discover  0x7a3c91e4
192.168.1.1  192.168.1.23     DHCP Offer     0x7a3c91e4
0.0.0.0      255.255.255.255  DHCP Request   0x7a3c91e4
192.168.1.1  192.168.1.23     DHCP ACK       0x7a3c91e4
```

முதல் வரியே எனக்குப் பிடித்த வரி. முகவரியே இல்லாதவர் எப்படிக் கடிதம் எழுதுவார்? அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்று போட்டுவிட்டு எழுதுகிறார்! பெறுநர் யாரென்றும் தெரியாது, அதனால் 255.255.255.255, அதாவது இந்த வலையில் இருக்கும் எல்லோருக்கும். டிஹெச்சிபி சர்வர் யாராக இருந்தாலும் 67ஆம் போர்ட்டில் காது கொடுத்துக்கொண்டிருப்பார் என்பது மட்டும்தான் லேப்டாப்புக்கு நிச்சயம். பதிலுக்கு அது 68ஆம் போர்ட்டில் காத்திருக்கும். பதில் வராவிட்டால் சுமார் 4 நொடியில் மறுபடி கேட்கும், பிறகு 8, பிறகு 16 என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போகும். ஒரே நேரத்தில் கரண்ட் வந்து ஐம்பது கம்ப்யூட்டர்கள் விழித்தால் எல்லாம் ஒரே நொடியில் மோதிக்கொள்ளக் கூடாது என்று, ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு நொடிவரை முன்னே பின்னே கலைத்துவிடவும் சொல்லி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

அந்த டிஸ்கவர் வரியைச் சொடுக்கி உள்ளே போனால் ஒரு பழங்காலச் சுரங்கம் இருக்கிறது. `Server host name not given`, `Boot file name not given` என்று இரண்டு வரிகள் தென்படும். முதலாவதற்கு 64 பைட், இரண்டாவதற்கு 128 பைட், முழுக்கப் பூஜ்யம். சுமார் 300 பைட் செய்தியில் 192 பைட் வெற்றிடம்! இவை 1985இல் பில் கிராஃப்டும் ஜான் கில்மோரும் எழுதிய பூட்பி என்ற முந்தைய நெறிமுறையின் அறைகள். ஹார்டு டிஸ்க்கே இல்லாத கம்ப்யூட்டர்கள், தாங்கள் எந்த ஃபைலை வாங்கி உயிர்பெற வேண்டும் என்று வலையிடம் கேட்ட காலம் அது. ரால்ஃப் டிரோம்ஸ் எழுதி 1993இல் வந்த டிஹெச்சிபி, புதிதாக ஒரு வீடு கட்டாமல் அந்த வீட்டிலேயே குடியேறியது. இன்றும் உங்கள் போன் அந்தக் காலி அறைகளைச் சுமந்துகொண்டுதான் வைஃபையில் நுழைகிறது. டிஸ்கவரா, ஆஃபரா என்ற விவரம்கூடப் பழைய அறைகளில் இல்லை. கடைசியில் ஒட்டவைத்த ஆப்ஷன் 53 என்ற சின்ன இணைப்பில் 1, 2, 3, 5 என்று ஒற்றை எண்ணாக உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது வரி ஆஃபர். ரவுட்டர் தன் கையிருப்பில் இருந்து 192.168.1.23ஐ எடுத்து நீட்டுகிறது. கூடவே எத்தனை நொடிக்கு லீஸ், வெளியே போகும் வழி எது, டிஎன்எஸ் யார் என்பதும் வருகிறது. இதில் ஒரு அழகான முடிச்சு இருக்கிறது. பெறுநர் இடத்தில் 192.168.1.23 என்று எழுதியிருக்கிறதே, அந்த முகவரி இன்னும் லேப்டாப்புக்குச் சொந்தமாகவே இல்லையே! சாதாரணமாக ஒரு பாக்கெட்டை அனுப்பும் முன் ‘இந்த ஐபி யாருடையது?’ என்று வலையில் விசாரிப்பார்கள். இங்கே விசாரித்தால் பதில் சொல்ல ஆளில்லை. அதனால் ரவுட்டர் விசாரிக்காமலே, டிஸ்கவரில் லேப்டாப் எழுதிக் கொடுத்த மேக் முகவரியை உறையின் மேல் நேராகப் போட்டு அனுப்பிவிடுகிறது. அப்படி வருவதை வாங்கத் தெரியாத கருவிகளும் உண்டு. அவை டிஸ்கவரிலேயே ஒரு பிட்டை 1 ஆக்கி, ‘எனக்கு எல்லோருக்குமாக அனுப்பு’ என்று சொல்லிவிடும். உங்கள் திரையில் இரண்டாவது வரியில் 255.255.255.255 என்று இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

இப்போது மூன்றாவது வரி. முகவரி கைக்கு வந்துவிட்டது, கொடுத்தவர் யாரென்றும் தெரிந்துவிட்டது. அப்படியிருக்க லேப்டாப் ஏன் மறுபடியும் 0.0.0.0இல் இருந்து எல்லோருக்கும் கத்துகிறது? ரவுட்டரிடம் மட்டும் ‘சரி’ என்று சொன்னால் போதாதா? போதாது! டிஸ்கவரை எல்லோரும்தான் கேட்டார்கள். இரண்டு சர்வர்கள் இருந்தால் இரண்டு ஆஃபர் வந்திருக்கும், இரண்டுமே ஆளுக்கொரு முகவரியை எடுத்து ஓரமாக வைத்திருக்கும். லேப்டாப் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஊரைக் கூட்டிச் சொல்கிறது. ரிக்வெஸ்ட்டுக்குள் ஆப்ஷன் 54 என்ற இடத்தில், தான் ஏற்றுக்கொண்ட சர்வரின் முகவரியை எழுதிவிடுகிறது. அதில் தன் பெயர் இல்லாத சர்வர், எடுத்துவைத்த முகவரியைத் திரும்பக் கையிருப்பில் போட்டுக்கொள்ளும். தனியாக யாருக்கும் ‘வேண்டாம்’ என்று எழுத வேண்டியதே இல்லை. ஒரே பாக்கெட்டில் ஒருவருக்குச் சம்மதம், மற்ற எல்லோருக்கும் மறுப்பு!

நாலாவது வரியான அக்னாலெட்ஜ் வந்த பிறகுதான் முகவரி உண்மையில் உங்களுடையது. அதற்குப் பிறகும் கவனமான லேப்டாப் உடனே உட்கார்ந்துவிடாது. ‘192.168.1.23 ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா?’ என்று வலையில் ஒருமுறை குரல் கொடுக்கும். யாராவது ‘நான்தான்’ என்றால், டிக்ளைன் என்ற செய்தியை அனுப்பிவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்கும்.

நாலு வரிகளிலும் வலது ஓரத்தில் ஒரே எண் இருப்பதையும் பாருங்கள். டிஸ்கவரில் லேப்டாப் தானாகப் போட்டுக்கொண்ட அடையாள எண் அது. முகவரி இல்லாத பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது, எந்தப் பதில் தன்னுடைய கேள்விக்கு என்று அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள்.

சரி, வைஃபையை அணைத்துப் போட்டாலே நாலும் வந்துவிடாதா, எதற்கு இரண்டு கட்டளைகள் என்று கேட்கலாம். அணைத்துப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு வரிகள்தான் வரும்! பழைய லீஸ் இன்னும் முடியாததால், லேப்டாப் டிஸ்கவரைத் தாண்டிக் குதித்து, ‘என் பழைய 23ஏ கிடைக்குமா?’ என்று நேராக ரிக்வெஸ்ட்டில் ஆரம்பித்துவிடும். வேறு வீட்டு வைஃபைக்குப் போய் அங்கே பொருந்தாத பழைய முகவரியைக் கேட்டால், அந்த ஊர் சர்வர் நாக் என்று முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடும். அப்புறம்தான் முழு டோராவும் ஓடும்.

இனி இந்த நாடகம் தடம் புரளும் இடம். ஒரு சின்ன அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பிரதான ரவுட்டர் 192.168.1.1. பின் அறையில் சிக்னல் வரவில்லை என்று ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து, சுவரில் இருந்து வரும் கேபிளை அதன் லேன் துளையில் செருகுகிறார். அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு டிஹெச்சிபி சர்வர் விழித்திருக்கிறது, அதன் முகவரி 192.168.0.1. இனி யார் டிஸ்கவர் என்று கத்தினாலும் இரண்டு ஆஃபர்கள்!

யார் ஜெயிப்பார்? பல கருவிகள் முதலில் வந்த ஆஃபரையே எடுத்துக்கொள்ளும். சில சர்வர்கள் நீட்டும் முன், அந்த முகவரியை வேறு யாரும் வைத்திருக்கவில்லை என்று உறுதிசெய்ய ஒரு பிங் அனுப்பி, ஒரு நொடி காத்திருக்கும். எதையும் சரிபார்க்காமல் சட்டென்று நீட்டும் பழைய பெட்டி அந்த ஒரு நொடியில் முந்திவிடும். லேப்டாப்புக்கு 192.168.0.105 கிடைக்கும், வெளியே போகும் வழி 192.168.0.1 என்று சொல்லப்படும். அந்தப் பெட்டிக்குப் பின்னாலோ இன்டர்நெட்டே இல்லை.

வெளியே தெரியும் அறிகுறி விசித்திரமாக இருக்கும். வைஃபை கோடுகள் முழுசாக நிற்கும். காலையில் வந்தவர்களுக்கு நெட் வரும், மதியம் வந்த சிலருக்கு வராது. ஒரே மேசையில் ஒருவர் வீடியோ பார்ப்பார், பக்கத்தில் இருப்பவருக்கு மெயில்கூடத் திறக்காது. சர்வரே கிடைக்காமல் போயிருந்தால் விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும், அதைப் பார்த்ததும் பிடித்துவிடலாம். இங்கே கிடைத்திருப்பதோ பார்வைக்கு நல்ல முகவரி! பிடிக்க வழி `ipconfig /all` கொடுத்து `DHCP Server` என்ற வரியைப் பார்ப்பதுதான். நெட் வருபவரிடம் 192.168.1.1, வராதவரிடம் 192.168.0.1 என்று இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். வயர்ஷார்க்கில் ஒரே அடையாள எண்ணுக்குக் கீழே இரண்டு Offer வரிகள் நிற்பதைப் பார்ப்பது இன்னும் பரவசம். இரண்டாவதின் மேக் முகவரியையும் அங்கேயே படித்துக்கொண்டு, பெட்டிகளின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டுகளோடு ஒப்பிட்டால் எந்தப் பெட்டி என்று தெரிந்துவிடும். அதில் அச்சிட்ட எண் கடைசி இலக்கத்தில் கொஞ்சம் மாறியிருக்கலாம், குழம்ப வேண்டாம்.

பழைய பெட்டியைப் பிடுங்கினால் மட்டும் எல்லோரும் உடனே மீண்டுவிட மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் கையில் லீஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. 24 மணி நேர லீஸ் என்றால், பாதியான 12ஆவது மணியில் லேப்டாப் அந்தப் பழைய பெட்டியிடம் மட்டும் புதுப்பித்துக் கேட்கும், பதில் வராது. 21ஆவது மணியில்தான் எல்லோரிடமும் கேட்கத் தொடங்கும். அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம். வைஃபையை அணைத்துப் போட்டால், லேப்டாப் 192.168.0.105ஐ வைத்து ஒரு ரிக்வெஸ்ட்டைக் கத்தும், பிரதான ரவுட்டர் நாக் என்று அடித்துச் சொல்லும், உடனே புதிய டிஸ்கவர் கிளம்பும். பழைய ரவுட்டரை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால், அதன் அமைப்பில் டிஹெச்சிபியை அணைத்து, அதற்கு 192.168.1 வரிசையில் யாருக்கும் கொடுக்காத ஒரு முகவரியைப் போட்டுவிட்டு லேன் துளையில் செருகலாம், வைஃபையை மட்டும் பரப்பிக்கொண்டிருக்கும். பெரிய அலுவலகங்களில் சுவிட்சிலேயே டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற காவல் இருக்கிறது. சர்வர் இருக்கும் துளையை மட்டும் நம்பகமானது என்று குறித்துவிட்டால், வேறு எந்தத் துளையில் இருந்து ஆஃபரோ அக்னாலெட்ஜோ வந்தாலும் சுவிட்ச் அந்த இடத்திலேயே தூக்கிப் போட்டுவிடும்.