கரையான் மருந்தும் கணக்கு நோட்டும்

கரையான் மருந்து அடிக்க வருபவரிடம் டிரில்லும் பம்பும் இருக்கும். நோட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். தொழில் தெரிந்தவரா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

கட்டி முடித்த வீட்டில் சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டு, துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் மருந்துக் கலவை விடுவது வழக்கம். 12 மீட்டர் சுவர் என்றால் 40 துளை, ஏறக்குறைய 40 லிட்டர் கலவை. குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்தை 1 சதவீதமாக்க, ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். ஆக, 2 லிட்டர் மருந்து செலவாகியிருக்க வேண்டும். அன்றைய இருப்புக் கணக்கில் அரை லிட்டர்தான் குறைந்திருக்கிறதா? அப்படியானால் சுவருக்குள் போனது கால் சதவீதக் கலவை. இல்லையென்றால் முக்கால்வாசித் துளைகளுக்கு மருந்தே போகவில்லை. ஆறு மாதத்தில் கரையான் திரும்பினால், மண்ணைக் குறை சொல்லுமுன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கற்றுத் தருவதற்குத்தான் பயிற்சி. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த 1971 விதிகள்படி, பூச்சிக் கட்டுப்பாட்டைத் தொழிலாகச் செய்ய லைசென்ஸ் வேண்டும். அதற்கு வேளாண் பட்டமோ வேதியியல் படித்த அறிவியல் பட்டமோ தேவை. கூடவே மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் போன்ற இடத்தில் 15 நாள் பயிற்சிச் சான்றிதழ். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு இந்த லைசென்ஸ் போதாது, தனி அனுமதி வேண்டும். அது விடும் வாயு பூட்டிய அறையில் ஆளைக் கொல்லும். மூட்டைப்பூச்சிக்கு வீட்டுக்குள் அந்த மாத்திரையை வைக்கிறேன் என்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

லைசென்ஸ் முதலாளி பெயரில் இருக்கும். பம்பைப் பிடிப்பது கூலிக்கு வரும் பையன். அவனுக்கும் பயிற்சி, கையுறை, முகக்கவசம் கொடுப்பதும், அவனை மருத்துவரிடம் காட்டி அதை ரெஜிஸ்டரில் எழுதுவதும் முதலாளியின் கடமை. சின்னத் தொழிலில் முதலில் விட்டுப்போவது இதுதான்.

காலையில் ஒரு கடையில் கரப்பானுக்கு பைரித்ராய்டு அடித்தவன், மதியம் ஒரு வீட்டில் குளோர்பைரிபாஸ் கலக்கியிருப்பான். மாலையில் வியர்த்துக் கொட்டி, வாயில் எச்சில் வழிந்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கினால், அது குளோர்பைரிபாஸ் வகை மருந்தின் நஞ்சு. அதற்கு அட்ரோபின் ஊசி உண்டு. பைரித்ராய்டுக்கு மாற்று மருந்து என்று ஒன்று இல்லை. எந்த மருந்தைத் தொட்டான் என்று மருத்துவர் கேட்கும்போது பதில் சொல்ல அவனால் முடியாது. தேதி, வீடு, மருந்தின் பெயர், அளவு, கலக்கியவர் பெயர் ஆகிய ஐந்தும் எழுதிய பக்கத்தையும் டப்பாவின் லேபிளையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.